புளியங்கொட்டைப் படிக்கட்டு: மீத்திறன் பிள்ளையும் மற்ற முப்பத்தேழு பேரும்

தர்மபுரி மாவட்டத்தில், பாலக்கோடு பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். அதற்கு முன் சில வருடம் தளி பக்கம். குறுவள மையக் கூட்டங்களில் டீ இடைவேளையின்போது கணக்கு ஆசிரியர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பல கணக்குகளைத் தொட்டுவிட்டுப் போவதைவிட ஒன்றையே முழுதாகப் பார்க்கலாம் என்று பெரும்பாலும் ஒரே கணக்கை வைத்துத்தான் பதில் சொல்லியிருக்கிறேன்.

திறந்த கணக்கு என்றால் என்ன? விடை இல்லாத கணக்கா?

விடை இருக்கும். ஆனால் ஒரே விடையோடும் ஒரே வழியோடும் முடிந்துவிடாது. "5 + 6 + 7 எவ்வளவு?" என்பது மூடிய கணக்கு, 18 என்றதும் வேலை முடிந்தது. "18-ஐ அடுத்தடுத்த எண்களின் கூட்டலாக எத்தனை விதத்தில் எழுதலாம்? எந்த எண்ணை அப்படி எழுதவே முடியாது?" என்று கேட்டால் அது திறந்துவிடுகிறது. கூட்டல் மட்டும் தெரிந்த பிள்ளையும் உட்கார்ந்து செய்யலாம், எங்கே நிறுத்துவது என்பது அவரவர் பாடு.

உலகத்தில் யாருமே தீர்க்காத கணக்கு வேறு வகை. அதையும் எப்போதாவது காட்டலாம். இரட்டை எண்ணானால் பாதியாக்கு, ஒற்றை எண்ணானால் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டு, இப்படியே போனால் எந்த எண்ணில் தொடங்கினாலும் கடைசியில் 1 வருமா? கொலாட்ஸ் என்ற கணித அறிஞர் 1937-இல் எழுப்பியது என்பார்கள், இன்னும் நிரூபணம் இல்லை. 27-இல் தொடங்கினால் 111 படி போய்த்தான் 1 வரும், நடுவில் 9232 வரை ஏறும். மழை நாளுக்கு நல்ல விளையாட்டு. ஆனால் அங்கே மீத்திறன் பிள்ளைக்கும் "ஏன்" என்பது பிடிபடாது. வகுப்புக்கு வேண்டியது, தோண்டினால் தண்ணீர் வரும் கிணறு.

அந்த ஒரு கணக்கு என்ன? வகுப்பில் எப்படித் தொடங்குவது?

வேண்டியது புளியங்கொட்டை. நம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை, பிள்ளைகளிடம் சொன்னால் மறுநாளே பை நிறைய வந்துவிடும். இரண்டு பேருக்கு 30 கொட்டை. 38 பேர் இருந்தால் 19 ஜோடி, 570 கொட்டை. முந்தின நாளே எண்ணிப் பொட்டலம் கட்டிவிடுங்கள். வகுப்பில் எண்ண ஆரம்பித்தால் பாதி பீரியடு அதிலேயே போய்விடும்.

மேஜையில் ஒரு படிக்கட்டு அடுக்கிக் காட்டுவேன். கீழ் வரிசையில் 5, அதற்கு மேல் 4, அதற்கு மேல் 3. மொத்தம் 12. விதி இரண்டுதான்: ஒவ்வொரு வரிசையும் கீழே உள்ளதைவிடச் சரியாக ஒன்று குறைய வேண்டும், குறைந்தது இரண்டு வரிசை இருக்க வேண்டும். அப்புறம் கேள்வி: "1-லிருந்து 30 வரை எந்தெந்த எண்ணுக்குப் படிக்கட்டு கட்டலாம்? ஒரே எண்ணுக்கு வேறு விதமாகவும் கட்ட முடியுமா?"

இதைச் சொல்ல ஐந்து நிமிடம். அடுத்த இருபது நிமிடம் நான் பேசுவதில்லை. கரும்பலகையில் 1 முதல் 30 வரை கீழே கீழே எழுதிவைத்திருப்பேன். படிக்கட்டு கண்டுபிடித்த ஜோடி வந்து அந்த எண்ணுக்கு எதிரே 3 + 4 + 5 என்பது போல எழுதிவிட்டுப் போகும். எதிரே ஏற்கெனவே ஒன்று இருந்தால் வேறு விதம் எழுதலாம். தப்பாக எழுதினால் நான் அழிப்பதில்லை, வேறு ஜோடி வந்து அழிக்கும். அதற்காகவே சிலர் பலகையை முறைத்துப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள், அதுவும் கூட்டல் பயிற்சிதானே.

இருபது நிமிடத்தில் பலகை ஏறக்குறைய நிரம்பிவிடும். 15, 21, 27, 30 ஆகியவற்றுக்கு மும்மூன்று விதம் வரும். எதிரே வெறுமையாக நிற்பவை 1, 2, 4, 8, 16.

கெட்டிக்காரப் பையன் பத்து நிமிடத்தில் விடையைச் சொல்லிவிட்டால்?

முதல் தடவை எனக்கு அதுதான் நடந்தது. எட்டாவது நிமிடமே ஒருவன் எழுந்து, "சார், ரெண்டு, நாலு, எட்டு, பதினாறு வராது சார். அடுத்து முப்பத்திரண்டும் வராது" என்றான். நான் பூரித்துப்போய் "சபாஷ்" என்று கை தட்டினேன். அவ்வளவுதான். மற்றவர்கள் கொட்டையைப் பொட்டலத்தில் போட்டுவிட்டார்கள். விடை வந்துவிட்டது, சாரும் கை தட்டிவிட்டார், இனி அடுக்கி என்ன ஆகப்போகிறது? தப்பு அவனுடையதல்ல, என்னுடையது.

இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எதையாவது கண்டுபிடித்ததாக நினைப்பவர் அதை வாயால் சொல்லக் கூடாது, துண்டுச் சீட்டில் எழுதி என்னிடம் தர வேண்டும். நான் "சரி" என்றோ "தப்பு" என்றோ சொல்ல மாட்டேன். சீட்டின் பின்புறம் "ஏன்?" என்று எழுதித் திருப்பிக் கொடுப்பேன், அல்லது அடுத்த கேள்வியைக் கொடுப்பேன். 32 வராது என்று ஊகிப்பது சுலபம். ஏன் வராது என்று சொல்ல அந்தப் பையனுக்கு இரண்டு நாள் ஆனது.

அடுத்த கேள்வி என்கிறீர்களே, அவை என்ன?

சட்டைப்பையில் நான்கு வகைச் சீட்டு வைத்திருப்பேன்.

முதல் சீட்டு: இரண்டே வரிசையில் கட்டக்கூடிய எண்கள் எவை, மூன்று வரிசையில் எவை, நான்கு வரிசையில் எவை? இரண்டாவது: 100-க்குள் அதிக விதமாகக் கட்டக்கூடிய எண் எது? மூன்றாவது: 2, 4, 8, 16 ஏன் வராது, காரணம் சொல். நான்காவது: பூஜ்ஜியத்தையும் குறை எண்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றால் என்ன ஆகும்?

இவற்றில் அதிக விளைச்சல் தருவது முதல் சீட்டு என்பது என் அனுபவம். இரண்டு வரிசை என்றால் 3-லிருந்து எல்லா ஒற்றை எண்ணும். மூன்று வரிசை என்றால் 6, 9, 12 என்று மூன்றின் மடங்கு. இதைப் பார்த்ததும் வேகமான பிள்ளை மேலே யோசிக்காமல் "நான்கு வரிசை என்றால் நான்கின் மடங்கு" என்று எழுதிவிடும். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் எழுதுவார். நான் "பலகையைப் பார்" என்பேன். அங்கே கடைசி பெஞ்ச் ஜோடி ஒன்று 10-க்கு எதிரே 1 + 2 + 3 + 4 என்று எழுதியிருக்கும். நான்கு வரிசை, ஆனால் 10 நான்கின் மடங்கில்லை. தேடிப் பார்த்தால் 10, 14, 18, 22, 26, 30 கிடைக்கும், நான்கின் மடங்கு ஒன்றுகூட வராது. நடு இரண்டு வரிசையைக் கூட்டினால் ஒற்றை எண், ஓர இரண்டைக் கூட்டினாலும் அதே ஒற்றை எண். ஆக மொத்தம் எப்போதும் ஒற்றை எண்ணின் இரு மடங்கு.

வேகமான பிள்ளையின் ஊகத்தை உடைத்தது நான் இல்லை என்பதைக் கவனியுங்கள். மெதுவாக அடுக்கிய ஜோடி எழுதிய வரிதான் உடைத்தது. பலகையில் அந்தப் பட்டியலை வகுப்பே சேர்ந்து நிரப்பவில்லை என்றால் மீத்திறன் பிள்ளைக்குத் தன் ஊகத்தை உரசிப் பார்க்கக் கல் கிடையாது. இதற்காகத்தான் அவர்களைத் தனி அறைக்கு அனுப்பாமல் இதே வகுப்பில் வைத்திருக்கிறேன்.

சீட்டை யாருக்குக் கொடுப்பது? மீத்திறன் பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். யார் கேட்டாலும் கொடுப்பேன். ஒரே நிபந்தனை, கேட்பவர் நோட்டில் சொந்தமாக ஒரு ஊகமும் அதற்கு மூன்று உதாரணமும் எழுதியிருக்க வேண்டும்.

பட்டியல் போட்டால் முதல் மதிப்பெண் வாங்குபவர்கள்தான் அதில் இருப்பார்கள். ஒரு வருடம் மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். வாய்ப்பாடு ஏழுக்கு மேல் தடுமாறும், பதிவேட்டில் "மெல்லக் கற்போர்" பக்கத்தில் நானே பெயர் எழுதியிருந்தேன். அன்றைக்குப் பக்கத்து ஜோடியின் 3, 4, 5 படிக்கட்டைத் தலைகீழாக்கித் தன்னுடையதோடு ஒட்டி வைத்துவிட்டு, "சார், ரெண்டு படியும் சேர்ந்தா கட்டமா ஆயிடுது பாருங்க" என்றாள். இந்தக் கணக்கின் மொத்தச் சாவியும் அதுதான். முதல் மதிப்பெண் பையன் அப்போது நோட்டில் கூட்டிக்கொண்டிருந்தான்.

தளி, கெலமங்கலம் பக்கம் வேலை பார்ப்பவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளை தமிழில் காரணம் எழுதத் திணறும். எழுதாததால் புரியவில்லை என்று நாம் முடிவுகட்டிவிடுவோம். கொட்டையை அடுக்கிக் காட்டச் சொல்லுங்கள், கை பேசிவிடும். எழுத்தை ஜோடிப் பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும்.

இரண்டின் அடுக்குகள் ஏன் வராது? எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பெண் செய்ததையே தொடருங்கள். 3, 4, 5 படிக்கட்டு ஒன்று, அதன் தலைகீழ் ஒன்று. ஒட்டினால் 3 வரிசை, வரிசைக்கு 8 கொட்டை உள்ள செவ்வகம். மொத்தம் 24, அதாவது 12-இன் இரு மடங்கு. எந்தப் படிக்கட்டானாலும் இப்படி ஒரு செவ்வகம் வரும். அதன் நீளம், முதல் வரிசையும் கடைசி வரிசையும் சேர்ந்தது.

இப்போது செவ்வகத்தின் இரண்டு பக்கங்களையும் பாருங்கள். வரிசை எண்ணிக்கை ஒற்றையானால் நீளம் இரட்டையாக வரும், வரிசை எண்ணிக்கை இரட்டையானால் நீளம் ஒற்றையாக வரும். காரணம் எளிது. 3 வரிசை என்றால் முதலுக்கும் கடைசிக்கும் வித்தியாசம் 2, இரண்டையும் கூட்டினால் இரட்டை. 4 வரிசை என்றால் வித்தியாசம் 3, கூட்டினால் ஒற்றை. இதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது கொட்டையைக் கைக்குள் மூடி "ஒத்தையா ரெட்டையா" விளையாடுவதை நினைவுபடுத்துவேன், உடனே பிடித்துக்கொள்வார்கள்.

ஆக, படிக்கட்டு கட்ட வேண்டுமானால் எண்ணின் இரு மடங்கை ஓர் ஒற்றை எண், ஓர் இரட்டை எண் என்று பெருக்கலாகப் பிரிக்க வேண்டும். இரண்டுமே 1-ஐவிடப் பெரியதாக இருக்க வேண்டும். 16-ஐ எடுங்கள். இரு மடங்கு 32. அதை 2 × 16, 4 × 8 என்று பிரித்தால் இரண்டுமே இரட்டை. ஒற்றை வர வேண்டுமானால் 1 × 32 மட்டுமே, அது ஒரே வரிசை, படிக்கட்டு இல்லை. இரண்டின் அடுக்கு எல்லாவற்றுக்கும் இதே கதி.

இதிலிருந்து இரண்டாவது சீட்டுக்கும் விடை வந்துவிடும். ஓர் எண்ணுக்கு 1-ஐ விட்டு எத்தனை ஒற்றைக் காரணிகளோ அத்தனை படிக்கட்டு. 45-க்கு 3, 5, 9, 15, 45 என்று ஐந்து காரணிகள், ஐந்து படிக்கட்டு: 22 + 23, 14 + 15 + 16, 7 முதல் 11 வரை, 5 முதல் 10 வரை, 1 முதல் 9 வரை. 100-க்குள் 45, 63, 75, 90, 99 ஐந்துக்கும் ஐந்தைந்து விதம். ஒரே எண்தான் முதலிடம் என்று நினைத்துத் தேடுபவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். அதனால்தான் கேள்வியை அப்படிக் கேட்டிருக்கிறேன்.

மற்றவர்கள் பின்தங்கவில்லை என்று எப்படித் தெரியும்?

வகுப்பு சுறுசுறுப்பாக இருந்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். கொட்டை உருட்டும் சத்தத்தில் எல்லோரும் வேலை செய்வது போலத்தான் தெரியும்.

கடைசி ஐந்து நிமிடம் கொட்டையைக் கட்டி வைக்கச் சொல்லிவிட்டு ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுப்பேன். "18-ஐ இரண்டு விதமாக எழுது. இரண்டு வரிசையில் கட்ட முடியாத எண் ஒன்றும் எழுது." அவ்வளவுதான். 5 + 6 + 7, 3 + 4 + 5 + 6 இரண்டும் வர வேண்டும். ஒன்றாவது எழுதிவிட்டால் விதி புரிந்திருக்கிறது. ஒன்றுகூட எழுதாதவர் ஐந்தாறு பேருக்கு மேல் போனால் மறுநாள் சீட்டு விஷயமே எடுக்க மாட்டேன், முழு வகுப்பும் திரும்பப் படிக்கட்டு கட்டும். 9 + 9 என்று எழுதியிருந்தால் "அடுத்தடுத்த" என்ற சொல் புரியவில்லை. 4 + 6 + 8 என்றால் "சரியாக ஒன்று குறைய வேண்டும்" என்பது போய்ச் சேரவில்லை. தப்பின் வகை தெரிந்தால் மறுநாள் இரண்டு நிமிட வேலை.

இன்னொரு அடையாளம் ஜோடியில் தெரியும். எப்போதும் ஒரே கைதான் அடுக்குகிறதா, இன்னொரு கை கன்னத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாதியில், "இனி அடுக்குபவர் பேசக் கூடாது, பேசுபவர் தொடக் கூடாது" என்று சொல்லிவிடுங்கள்.

முடித்த பிள்ளையை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க விட்டால் என்ன?

எப்போதாவது சரி. தினமும் அதுவே என்றால் அவனுக்குச் சம்பளமில்லாத உதவி ஆசிரியர் வேலை. அவன் கற்றுக்கொள்வது ஒன்றுமில்லை, கேட்பவருக்கும் விடைதான் கைக்கு வரும், வழி வராது. நான் செய்வது நேர்மாறு: அவனுடைய ஊகத்தை உடைக்கும் வேலையை மற்றவர்களுக்குக் கொடுப்பேன். "இவன் நான்கு வரிசைக்கு இப்படிச் சொல்கிறான், தப்பென்று காட்ட ஒரு எண் கண்டுபிடியுங்கள்." உதாரணம் தேட பெரிய மூளை வேண்டாம், பொறுமை போதும். அதில் சில "மெல்லக் கற்போர்" யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர்.

என்.எம்.எம்.எஸ். பயிற்சி கொடுக்கிறோமே, அது போதாதா?

அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து மாதம் 1000 ரூபாய் உதவித்தொகை கிடைப்பது நம் ஊர்ப் பிள்ளைக்குச் சின்ன விஷயமா? ஆனால் அந்தத் தேர்வில் ஒரு தாளுக்கு 90 வினா, 90 நிமிடம். நிமிடத்துக்கு ஒன்று. அதற்கே பழகிய பிள்ளை ஒரு நிமிடத்தில் வழி தெரியாவிட்டால் "தெரியாது" என்று தாண்டிவிடும். இரண்டு நாள் ஒரே கணக்கோடு உட்காரும் பழக்கம் அங்கே வராது.

பாடம் முடிக்கவே நேரம் இல்லை. இதற்கெல்லாம் எங்கே போவது?

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, இரண்டு பீரியடு. அதற்கு மேல் நானும் செய்வதில்லை. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின இரண்டு வாரம் தொடவே மாட்டேன். படிக்கட்டுக் கணக்கை எண்கள் பாடத்தோடு வைத்தால் காரணிகள், ஒற்றை இரட்டை, அடுக்குகள் மூன்றும் அதிலேயே திருப்புதல் ஆகிவிடும். நான்காவது சீட்டு முழுக்கள் பாடத்துக்குப் பொருந்தும். குறை எண்ணை அனுமதித்தால் 4-கூட வந்துவிடும்: −3, −2, −1, 0, 1, 2, 3, 4 எல்லாம் கூட்டிப் பாருங்கள்.

இது தீர்ந்ததும் அடுத்தது எங்கிருந்து எடுப்பது?

பாடப்புத்தகத்திலிருந்தே. ஏதாவது ஒரு கணக்கின் விடையைக் கேள்வியாக்குங்கள். "நீளம் 8, அகலம் 3, பரப்பளவு என்ன?" என்பதைத் திருப்பி, "பரப்பளவு 24 உள்ள செவ்வகங்கள் எவை, சுற்றளவு என்ன?" என்று கேட்டால் எல்லோரும் செய்வார்கள். முழு எண்ணாக எடுத்தால் சுற்றளவு 50, 28, 22, 20 என்று நான்கு வரும். பிறகு சீட்டு: பரப்பளவும் சுற்றளவும் ஒரே எண்ணாக வரும் செவ்வகம் உண்டா? நான்குக்கு நான்கு சதுரம் சீக்கிரம் கிடைக்கும், அதோடு நிறுத்திவிடுவார்கள். மூன்றுக்கு ஆறு என்று இன்னொன்று இருக்கிறது, அதை யாராவது கட்டக் காகிதத்தில் வரைந்து எண்ணிப் பார்க்கும் வரை காத்திருங்கள். முழு எண்ணில் இந்த இரண்டுதான். பக்கம் தசம எண்ணாகவும் இருக்கலாம் என்ற சீட்டைக் கடைசிவரை வெளியே எடுக்காதீர்கள். 10-க்கு 2.5 என்று ஒருவர் கொண்டுவந்தால், அப்புறம் அந்த வாரம் முழுக்க உங்களுக்கு நிம்மதி இருக்காது.